வீதியோரக் கடையில் சப்பாத்து வாங்குதல்: அடி ஒட்டைச் சோதிக்கும் முறை

மாங்குளத்தில் ஏ9 வீதியோரமாகத் தரப்பாளின் கீழ் விரித்திருந்த ஒரு கடையில், சென்ற ஆண்டு மகளுக்குப் பாடசாலைச் சப்பாத்து ஒன்று வாங்கினேன். மாரி தொடங்கிப் பதினோராம் நாள், வலது காலின் உட்பக்க அடி பெருவிரலுக்குக் கீழே வாயைப் பிளந்து, கிரவல் மண் முழுவதும் உள்ளே போயிருந்தது. வாங்கும்போது நான் அதை வளைத்துப் பார்க்காமல் வாங்கவில்லை. வளைத்துத்தான் பார்த்தேன், ஆனால் பார்த்த விதம் பிழை. அதன் பிறகு, எங்கள் பக்கத்தில் சப்பாத்துத் தைக்கிற ஓர் ஐயாவிடம் அரை நாள் இருந்து கேட்டறிந்தவற்றையும், பின்னர் நானே வாங்கிச் சரிபார்த்த மூன்று சோடிகளில் கண்டவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன். கால் அளவு பார்ப்பதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பிள்ளையைக் கூட்டிச் செல்ல முடியாவிட்டால், அவர் காலை அட்டையில் வரைந்து வெட்டிக் கொண்டுபோய்ச் சப்பாத்தின் உள்ளே வைத்துப் பாருங்கள். முன்னால் ஒரு விரல் அகலம் மிஞ்ச வேண்டும். அவ்வளவு போதும்.

முதலில், ஒட்டு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

சைக்கிள் ரியூப்பிற்கு ஒட்டுப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை உள்ள இடத்தை அரத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, தூசியைத் துடைத்து, சொலூசனைப் பூசி, அது கையில் ஒட்டாத அளவுக்கு உலரும் வரை பொறுத்திருந்து, அதன் பின்னரே ஒட்டை வைத்து அழுத்துவார்கள். இதில் ஒன்றைத் தவறவிட்டாலும் இரண்டு நாளில் காற்று இறங்கிவிடும். சப்பாத்தின் மேற்பகுதியை அடியோடு பசையால் ஒட்டுவதும் இதே வேலைதான். தொழிற்சாலையில் தேய்ப்பதற்கு இயந்திரமும், பசையைச் சூடாக்க அடுப்பும், அழுத்துவதற்கு அச்சும் இருக்கும். மலிவாகச் செய்யும் இடங்களில் முதலில் கைவிடப்படுவது தேய்ப்பு வேலை. வழவழப்பான ரெக்சினின் மேல் பூசிய பசை பார்வைக்கு நன்றாகவே பிடித்திருக்கும்; நடக்கத் தொடங்கிய பிறகுதான் உரிந்து வரும். ஆகவே பசை எவ்வளவு பூசப்பட்டிருக்கிறது என்பதைப் பார்ப்பதில் பயனில்லை. விளிம்பில் மஞ்சளாக வழிந்து காய்ந்திருக்கும் பசை, ஒட்டு உறுதியானது என்பதற்கு அடையாளம் ஆகாது.

வளைத்துப் பார்த்தல்

நான் தவறவிட்ட இடம் இதுதான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். சப்பாத்தைக் காற்றில் இரு கைகளாலும் பிடித்து, ஒரு முறை மடக்கி உடனே விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்வது. அந்த நொடியில் பலவீனமான ஒட்டும் தாங்கிக்கொள்ளும். பசை உரிவது கயிறு அறுவதைப் போல ஒரேயடியாக நிகழ்வதில்லை. இழுவை நீடிக்கும்போது மெல்ல மெல்ல விட்டுக் கொடுக்கும். பிள்ளை பாடசாலைக்குப் போய் வரும் ஒவ்வோர் அடியிலும் அந்த இழுவைதான் விழுகிறது.

கடைக்காரரின் பலகையின் மேல் சப்பாத்தின் முன்பகுதியை வைத்து, விரல் இருக்கும் இடத்தை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடக்கும்போது குதி எழும்பும் அளவுக்கு வலது கையால் குதிப் பகுதியை உயர்த்துங்கள். அப்படியே பிடித்தபடி மனதிற்குள் பத்து வரை எண்ணுங்கள். எண்ணும்போது கண், மடிப்பு விழும் இடத்தில் அடியும் மேற்பகுதியும் சந்திக்கும் கோட்டின் மேல் இருக்க வேண்டும். வெளிப்பக்கத்தைப் பார்த்து முடித்ததும் திருப்பி உட்பக்கத்தையும் அவ்வாறே பாருங்கள். மகளின் சப்பாத்துப் பிரிந்தது உட்பக்கத்தில். ஐந்தாவது, ஆறாவது எண்ணிக்கையில் மயிரிழை போன்ற கறுப்புக் கோடு தோன்றினால் அந்தச் சோடியை வைத்துவிடுங்கள். கையை எடுத்ததும் கோடு மூடிக்கொள்ளும், அதை நம்ப வேண்டாம்.

கோடு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், வளைத்தபடியே ஒரு பேருந்துச் சிட்டையின் மூலையை அங்கே செருகிப் பாருங்கள். அது உள்ளே போகும் ஆழமே பிரிந்த ஆழம். இதற்குச் சிட்டையை விடச் சிறந்த பொருள் எனக்கு அகப்படவில்லை. அழைப்பிதழ் அட்டை தடிப்பு. நகம் எவ்வளவு தூரம் போனது என்று தெரியாது. திறப்பையோ கத்தி முனையையோ கொண்டு கிண்டுவது நல்ல ஒட்டையும் கெடுத்துவிடும், அதைப் பார்த்துக் கடைக்காரர் கோபித்தால் அது நியாயமே. விற்கும் பொருளைக் காயப்படுத்தாமல் சோதிப்பது நம் கடமை.

அதே நேரத்தில் மடிப்பு எங்கே விழுகிறது என்பதையும் கவனியுங்கள். விரல்கள் பாதத்தோடு சேரும் இடத்தில், அதாவது முன்னிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் மடிய வேண்டும். பாதத்தின் நடுவில், வளைவு இருக்கும் இடத்தில் மடிந்தால், காலைத் தாங்கும் விறைப்பு அதில் இல்லை என்று பொருள். மடிப்பில் அடி வெளிறி, நுண்ணிய கோடுகள் விழுமானால் அது கடினமான பிளாஸ்ரிக் கலவை. இறப்பர் அவ்வாறு வெளிறாது. அப்படி வெளிறும் அடி, ஒட்டு நன்றாக இருந்தாலும் பின்னர் அந்த மடிப்பிலேயே வெடிக்கும்.

அடியின் ஓரத்தைச் சுற்றித் தையல் தெரிந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். சில அடிகளில் தையல் போன்ற தோற்றத்தை அச்சிலேயே வார்த்துவிடுகிறார்கள். சப்பாத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். உண்மையான தையல் என்றால் அடியின் கீழ்ப்புறப் பள்ளத்திலோ, உள்ளே அட்டையின் கீழோ நூல் தெரியும்.

வெயிலில் தொங்கும் சோடியை வாங்காதீர்கள்

வன்னி வெயிலுக்கு இது முக்கியமானது. கடையின் முன் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் சோடிகள் நாள் முழுக்கச் சூடேறியவை. சூட்டில் பசை இளகும், பாரமும் சேர்ந்தால் ஒட்டு மெல்ல அசையும். காட்சிக்கு இருப்பதைப் பார்த்து வகையைத் தெரிவு செய்யுங்கள். வாங்குவதை உள்ளே பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு சப்பாத்தையும் தனித்தனியே சோதிப்பதும் அவசியம். நான் பார்த்த சோடி ஒன்றில் இடது நன்றாக இருக்க, வலதில் மட்டும் இரண்டு சென்ரிமீற்றர் பிரிந்திருந்தது.

மணம்

சப்பாத்தின் வாயை உள்ளங்கையால் சிறிது நேரம் மூடிவைத்துப் பின்னர் முகர்ந்து பாருங்கள். சொலூசன் மணம் கடுமையாக அடித்தால் நல்ல பசை என்று நானும் நினைத்திருந்தேன். அது அண்மையில் ஒட்டப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. புதிய சப்பாத்தாகவும் இருக்கலாம், பிரிந்ததைக் கடையில் வைத்து மீண்டும் ஒட்டியதாகவும் இருக்கலாம். மீண்டும் ஒட்டியதில் ஓர் இடத்தில் மட்டும் பசை மினுங்கும், அதில் தூசியும் அகப்பட்டிருக்கும். எங்கள் வீதிகளின் செம்புழுதி பசையின் இடையில் போனால் ஒட்டு நிலைக்காது.

புழுக்க மணம் வந்தால் உள்ளே இருக்கும் அட்டையைத் தூக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் இருந்தால் அது ஈரத்தில் கிடந்த சரக்கு. வேண்டாம்.

விலை பேசுதல்

சோதனை முடிவதற்கு முன் விலையைக் கேட்காதீர்கள். விலை பேசி ஒத்துக்கொண்ட பிறகு குறை சொல்வதும், அவர் இறங்கி வந்த பிறகு வாங்காமல் போவதும் சரியல்ல. கேட்ட விலையைப் பாதியாக வெட்டிப் பேசுவதையும் நான் விரும்புவதில்லை. வாகனக் கூலி கொடுத்துச் சரக்கைக் கொண்டுவந்து, மழை வந்தால் தரப்பாளோடு நனைகிற மனிதரிடம் ஒரு சோடியில் மிஞ்சுவது பெரிய தொகை அல்ல. குறை இருந்தால் அதைக் காட்டி, அதைத் திருத்த ஆகும் செலவைக் கழிக்கக் கேட்பதே நேர்மையான பேரம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது முறை நான் வாங்கியது இவ்வாறுதான். ஒட்டு நன்றாக இருந்தது, மடிப்பும் சரியான இடத்தில் விழுந்தது. ஆனால் தையல் இல்லை. தையல் போட 400 ரூபாய் ஆகும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன்.

“அண்ணை, இது என்ன விலை?”

“மூவாயிரத்து இருநூறு, தங்கச்சி.”

“ஒட்டு நல்லாத்தான் இருக்கு அண்ணை. ஆனா தையல் இல்லை. மாரிக்கு முதல் நான் தைப்பிக்க வேணும், அதுக்கு நானூறு போகும். ரெண்டாயிரத்து எண்ணூறுக்குத் தருவீங்களோ?”

அவர் சப்பாத்தை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரெண்டாயிரத்துத் தொளாயிரம் தாங்கோ” என்றார். கொடுத்தேன். வெறுமனே குறையுங்கள் என்று கேட்டிருந்தால் நூறு ரூபாய்கூடக் குறைத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். காசு கொடுக்கும் முன், “வாற கிழமையும் இந்த இடத்திலதானே இருப்பீங்கள்? பிரிஞ்சால் மாத்தித் தருவீங்களோ?” என்றும் கேட்டுக்கொண்டேன். ஒரே இடத்தில் தொடர்ந்து விற்பவர் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். வற்றாப்பளைப் பொங்கல் போன்ற திருவிழாக்களுக்கு வரும் கடைகளில் இந்தக் கேள்விக்குப் பயனில்லை. பொங்கல் முடிந்ததும் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். ஆகவே அங்கே சோதனையை இன்னும் கண்டிப்பாகச் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள்.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்த புதுக்குடியிருப்பு வாசகர் ஒருவர், பாவித்த வெளிநாட்டுச் சப்பாத்தொன்றைச் சந்தையில் வாங்கியதாகவும், வளைத்துப் பார்த்தபோது ஒட்டு உறுதியாக இருந்தும் மூன்றாம் நாள் அடி புட்டு மாவைப் போல உதிர்ந்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். அது ஒட்டின் பிழையல்ல. பொலியூரிதேன் என்னும் பொருளால் செய்த அடி, பாவிக்காமல் வைத்திருந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தால் சில ஆண்டுகளில் உள்ளிருந்தே சிதைந்துவிடும். பழைய சரக்கில் அடியின் பக்கத்தைப் பெருவிரல் நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் உடனே மீள வேண்டும். மீளாமல் நின்றாலோ, தூள் ஒட்டினாலோ, பிசுபிசுத்தாலோ அதை எந்தத் தையலும் காப்பாற்றாது.

வளைத்துப் பார்க்கக் கடைக்காரர் விடவில்லை என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நான் அவரையே வளைத்துக் காட்டச் சொல்வேன். அதற்கும் மறுத்தால் அடுத்த கடைக்குப் போவேன்.

நனைந்த சப்பாத்தை அடுப்பருகே காய வைக்கலாமா என்பது பலர் கேட்ட கேள்வி. வேண்டாம். முன்னர் சொன்ன அதே காரணம்தான்: சூட்டில் பசை இளகிவிடும். பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். இரவில் ஒரு தடவை தாளை மாற்றினால் சீக்கிரம் காயும்.