சதுர அலை கொடுத்தால் முக்கோணம் வரும், சரி. எந்த வோல்டேஜில் நிற்கும்?

ஆப்-ஆம்ப் இன்டகிரேட்டர் சோதனையில் வருடா வருடம் ஒரே தவறுகள் திரும்ப வருகின்றன. எங்கள் செட் மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் வரைந்த அதே படத்தைத்தான் இன்றைய மாணவர்களும் வரைகிறார்கள். பவர் சப்ளை கொடுக்க மறப்பது, பின் எண்ணை மாற்றிச் சொருகுவது, மைனஸ் குறியை விடுவது எல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். தெரியாமலே தப்பிப்போகும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கட்டுரை முழுக்க ஒரே சர்க்யூட். R = 10 கிலோஓம், C = 0.1 மைக்ரோஃபாரட். இரண்டையும் பெருக்கினால் RC = 1 மில்லிசெகண்ட். உள்ளீடு +1 வோல்ட்டுக்கும் −1 வோல்ட்டுக்கும் மாறும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை, அதாவது ஒவ்வொரு அரைச்சுற்றும் 0.5 மில்லிசெகண்ட். ஆப்-ஆம்ப் 741, சப்ளை ±15 வோல்ட்.

## முக்கோணத்தைப் பூஜ்யக் கோட்டின் நடுவில் வரைவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். "வெளியீட்டை வரை" என்று கேட்டால் பெரும்பாலோர் உச்சியிலிருந்து அடிவரை அளவைச் சரியாகவே கணக்கிடுகிறார்கள். சரிவு மில்லிசெகண்டுக்கு 1 வோல்ட், அரைச்சுற்று 0.5 மில்லிசெகண்ட், ஆகவே 0.5 வோல்ட். அதுவரை பிழையில்லை. அப்புறம் அந்த 0.5 வோல்ட்டைப் பாதியாக்கி, +0.25க்கும் −0.25க்கும் நடுவே அழகாக ஒரு முக்கோணத்தைப் போட்டுவிடுகிறார்கள். அந்த +0.25 எங்கிருந்து வந்தது என்று வைவாவில் கேட்டால் பதில் இருக்காது.

சூத்திரத்தை முழுதாக எழுதிப் பாருங்கள்:

```
Vo(t) = Vo(0) - (1/RC) ∫ Vin dt     (0 முதல் t வரை)
```

முதலில் நிற்கும் Vo(0)தான் எல்லோரும் விழுங்கிவிடும் உறுப்பு. கெப்பாசிட்டரில் தொடக்கத்தில் இருந்த மின்னூட்டம்தான் அதை முடிவுசெய்கிறது. பாஸ்புக்கில் முன்னிருப்பை எழுதாமல் வரவு செலவை மட்டும் கூட்டினால் இருப்பு எவ்வளவு என்று சொல்ல முடியாது, அதே கணக்குதான் இது.

கெப்பாசிட்டர் காலியாக இருக்கிறது, சதுர அலை +1 வோல்ட் அரைச்சுற்றின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 0.5 மில்லிசெகண்டில் வெளியீடு 0 வோல்ட்டிலிருந்து −0.5 வோல்ட்டுக்கு நேர்கோட்டில் இறங்கும். அடுத்த 0.5 மில்லிசெகண்டில் உள்ளீடு −1, ஆகவே வெளியீடு −0.5இலிருந்து 0க்கு ஏறும். பிறகு மறுபடி இறங்கும். முக்கோணம் முழுவதும் பூஜ்யக் கோட்டுக்குக் கீழேயே தொங்குகிறது. அதன் நடுக்கோடு −0.25 வோல்ட். இலட்சிய இன்டகிரேட்டரில் எத்தனை சுற்று ஓடினாலும் அந்த நடுக்கோடு நகராது.

அதே காலியான கெப்பாசிட்டரோடு சதுர அலையை −1 அரைச்சுற்றில் தொடங்கினால் முக்கோணம் 0க்கும் +0.5க்கும் நடுவே, பூஜ்யத்துக்கு மேலே நிற்கும். +1 அரைச்சுற்றின் சரிபாதியில் தொடங்கினால் மட்டுமே, மீதி 0.25 மில்லிசெகண்டில் −0.25 வரை இறங்கி, அங்கிருந்து +0.25 வரை ஏறி, மாணவர்கள் வரையும் அந்தப் படம் கிடைக்கும். அதாவது அவர்கள் படம் சாத்தியம்தான். ஆனால் அதற்குத் தொடக்க நேரமோ தொடக்க மின்னூட்டமோ குறிப்பிட்ட ஒன்றாக இருக்க வேண்டும், கேள்வியில் அது சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

இது தேர்வில் ஒரு மதிப்பெண் போகிற சமாச்சாரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு இறுதியாண்டு புராஜெக்ட் குழு இந்த முக்கோணத்தை ஒரு கம்பேரேட்டருக்குக் கொடுத்து 30 சதவீத அகலமுள்ள பல்ஸ் எடுக்கப் பார்த்தது. கம்பேரேட்டரின் ஒப்பீட்டு வோல்டேஜ் +0.1. முக்கோணம் ±0.25 என்றால் அது +0.1க்கு மேலே இருக்கும் நேரம் 0.15/0.5, சரியாக 30 சதவீதம். தாளில் கணக்கு கச்சிதம். கெப்பாசிட்டருக்குக் குறுக்கே ஒரு அனலாக் ஸ்விட்ச் வைத்து, பத்துச் சுற்றுக்கு ஒருமுறை சிறிது நேரம் மூடி, அதைக் காலியாக்கினார்கள். ஸ்விட்ச் திறக்கும் நேரமும் +1 அரைச்சுற்று தொடங்கும் நேரமும் ஒன்று. விளைவு, முக்கோணம் 0க்கும் −0.5க்கும் நடுவே ஓடியது. +0.1 வோல்ட்டை அது தொடவே இல்லை, கம்பேரேட்டர் அசையவே இல்லை.

அவர்கள் சந்தேகப்பட்டது கம்பேரேட்டர் ஐசியை. அதை மாற்றினார்கள், புல்-அப் ரெசிஸ்டரை மாற்றினார்கள், பிரெட்போர்டையே மாற்றினார்கள். ஸ்கோப்பில் முக்கோணம் பூஜ்யத்தின் நடுவில் நின்றதால் இன்டகிரேட்டர் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்கோப் ஏசி கப்ளிங்கில் இருந்தது! ஏசி கப்ளிங் சராசரியைக் கழித்துவிட்டுத்தான் அலையைக் காட்டும். தவறான நம்பிக்கைக்கு அதுவே சாட்சி சொல்லிவிட்டது. டிசிக்கு மாற்றியதும் உண்மை தெரிந்தது. ஸ்விட்ச் திறப்பதை 0.25 மில்லிசெகண்ட் தள்ளிப்போட்டார்கள், வேறு ஒரு பாகமும் சேர்க்கவில்லை. முக்கோணம் நடுவுக்கு வந்தது, 30 சதவீதமும் வந்தது.

பழைய அனலாக் கம்ப்யூட்டர்களில் ஒவ்வொரு இன்டகிரேட்டருக்கும் தொடக்க மதிப்பை ஏற்றுவதற்கென்றே தனி நிலை ஒன்று இருந்தது. முதலில் கெப்பாசிட்டரை வேண்டிய வோல்டேஜுக்கு ஏற்றுவார்கள், பிறகுதான் கணக்கை ஓடவிடுவார்கள். அங்கே Vo(0) இல்லாமல் விடையே கிடையாது.

## ஸ்கோப்பை டிசி கப்ளிங்கில் வையுங்கள்

ஏசி கப்ளிங்கில் பார்த்து நடுக்கோட்டைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள்.

## ஒவ்வொரு அரைச்சுற்றையும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது

முதல் தவறின் தம்பி இது. முதல் அரைச்சுற்றுக்கு −t/RC என்று எழுதியவர்கள், இரண்டாவதற்கு +t/RC என்று எழுதி 0.5 மில்லிசெகண்டைப் போட்டுப் பார்க்கிறார்கள். வெளியீடு −0.5இலிருந்து +0.5க்கு ஒரே கணத்தில் குதித்துவிடுகிறது. கெப்பாசிட்டரின் வோல்டேஜ் அப்படிக் குதிக்காது. ஒரு துண்டு முடிந்த மதிப்புதான் அடுத்த துண்டின் தொடக்க மதிப்பு, நேரமும் அந்த முனையிலிருந்தே எண்ணப்பட வேண்டும். இரண்டாவது துண்டு −0.5 + (t − 0.5), t மில்லிசெகண்டில். படத்தில் எங்காவது செங்குத்துக் கோடு வந்தால் அங்கே கணக்கு தப்பு.

## கெப்பாசிட்டரின் எந்தப் பக்கம் பிளஸ்?

"கெப்பாசிட்டரில் 2 வோல்ட் இருந்தது" என்று கேள்வி சொன்னால் உடனே வெளியீட்டை +2இல் தொடங்காதீர்கள். கெப்பாசிட்டரின் ஒரு கால் மைனஸ் உள்ளீட்டில் இருக்கிறது, அங்கே வோல்டேஜ் கிட்டத்தட்ட பூஜ்யம். மறுகால் வெளியீட்டில். பிளஸ் பக்கம் உள்ளீட்டை நோக்கி இருந்தால் வெளியீடு −2இல் தொடங்கும், முக்கோணம் −2க்கும் −2.5க்கும் நடுவே ஓடும். பிளஸ் பக்கம் வெளியீட்டை நோக்கி இருந்தால் +2க்கும் +1.5க்கும் நடுவே. கேள்வியில் துருவம் குறிக்கப்படவில்லை என்றால் நீங்கள் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று எழுதிவிட்டுத் தொடருங்கள்.

## பின்னூட்ட ரெசிஸ்டரை வைத்துவிட்டு இலட்சியக் கணக்கை எழுதுவது

உண்மையான 741ஐ வெறும் கெப்பாசிட்டரோடு விட்டால் அது நிற்காது. அதன் உள்ளீட்டு ஆஃப்செட் பொதுவாக 2 மில்லிவோல்ட் அளவில் இருக்கும். அதையும் இன்டகிரேட்டர் சேர்த்துக் கூட்டுகிறது: 2 மில்லிவோல்ட்டை 1 மில்லிசெகண்டால் வகுத்தால் நொடிக்கு 2 வோல்ட். அது போகும் திசை ஐசிக்கு ஐசி மாறும். ஆறேழு நொடியில் வெளியீடு ஏதோ ஒரு சப்ளைப் பக்கம் 13 வோல்ட் அருகே போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கெப்பாசிட்டருக்கு இணையாக ஒரு ரெசிஸ்டர் வைக்கிறோம். 100 கிலோஓம் என்று வையுங்கள். டிசி கெயின் 10 ஆகிவிடும், அந்த 2 மில்லிவோல்ட் வெளியீட்டில் 22 மில்லிவோல்ட் ஆஃப்செட்டோடு நின்றுபோகும். பயஸ் கரண்டால் இன்னும் சில மில்லிவோல்ட் சேரலாம். 16 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இது இன்டகிரேட்டர் போல நடக்காது, நம் 1 கிலோஹெர்ட்ஸ் அதற்கு வெகு மேலே.

ஆனால் இந்த ரெசிஸ்டர் வந்தவுடன் தொடக்க மின்னூட்டத்தின் கதை மாறுகிறது. 100 கிலோஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் சேர்ந்து 10 மில்லிசெகண்ட் காலமாறிலி. அந்த 22 மில்லிவோல்ட் ஆஃப்செட்டைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், நடுக்கோடு −0.25இல் தொடங்கி 10 மில்லிசெகண்டில் சுமார் −0.09 ஆகும், 50 மில்லிசெகண்டில் 2 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போய்விடும். வெளியீடு −2இல் தொடங்கியிருந்தாலும் அப்படித்தான்: நடுக்கோடு −2.25இலிருந்து மெல்ல மேலே வந்து அதே இடத்தில் அமரும். முக்கோணம் சாய்வாக மிதந்து வரும் இந்த முதல் ஐம்பது சுற்றைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஸ்கோப்பை சிங்கிள் ஷாட்டில் வைத்துப் பிடிக்க வேண்டும். சாதாரண ஓட்டத்தில் நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அது முடிந்திருக்கும்.

ஆக, ரெசிஸ்டர் இருந்தால் நெடுநேரம் கழித்து நடுவில் நிற்கும், இல்லாவிட்டால் தொடங்கிய இடத்தை மறக்காது. லேப்பில் ரெசிஸ்டர் வைத்துப் பார்த்த படத்தை, ரெசிஸ்டர் இல்லாத தேர்வுக் கேள்விக்கு வரைவதுதான் முதல் தவறு இத்தனை பேருக்கு வருவதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

## ஜெனரேட்டரின் 0–5 வோல்ட் வெளியீட்டைக் கொடுப்பது

அதன் சராசரி 2.5 வோல்ட். மேலே சொன்ன 10 மடங்கு கெயினில் −25 வோல்ட் கேட்கிறது, சப்ளை −15தான். தட்டையான கோடுதான் வரும்.

## சிமுலேட்டரில் தொடக்க மதிப்பைச் சொல்லாமல் ஓட்டுவது

LTspice முதலில் டிசி நிலையைக் கண்டுபிடித்துவிட்டு அங்கிருந்து ஓட்டும். டிசியில் கெப்பாசிட்டர் திறந்த சர்க்யூட், பின்னூட்டமே இல்லை. கீழே உள்ளதில், அந்த டிசி நிலையைத் தேடாதே என்று சொல்லும் `uic`ஐ எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். உள்ளீடு −1இல் தொடங்குவதால் வெளியீடு 1 லட்சம் வோல்ட்டில் தொடங்கும்.

```
* integrator
V1 in 0 PULSE(-1 1 0 1u 1u 0.499m 1m)
R1 in inv 10k
C1 inv out 0.1u IC=2
E1 out 0 0 inv 1e5
.tran 5m uic
```

`IC=2` என்பது C1 வரியில் முதலில் எழுதிய கணுவிலிருந்து இரண்டாவது வரை. இங்கே பிளஸ் பக்கம் inv, ஆகவே வெளியீடு −2இல் தொடங்கி −2.5க்கு இறங்கும். கணுக்களின் வரிசையை `C1 out inv` என்று மாற்றினால் +2இல் தொடங்கி +1.5க்கு இறங்கும். `uic` இல்லாவிட்டால் அந்த `IC=2`வை LTspice கண்டுகொள்ளாது.

PULSE-இல் முதல் எண் −1 என்று இருந்தாலும், தாமதம் 0 என்பதால் அலை உடனே +1க்கு ஏறிவிடும். −1 அரைச்சுற்றில் தொடங்கும் படம் வேண்டுமென்றால் முதல் இரண்டு எண்களையும் இடம் மாற்றுங்கள்.