பேறுகால மரண விகிதம்: மலேசியாவை மற்ற நாடுகளோடு ஒப்பிடுவதற்கு முன்

பினாங்கில் பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்கள், மலேசியாவையும் இந்தியாவையும் ஒரே வரைபடத்தில் போட்டுவிட்டு 'நாம்தான் முந்தி' என்று முடித்துவிடுவதைப் பார்க்கிறேன். முந்திதான். ஆனால் எவ்வளவு முந்தி என்று சொல்ல கொஞ்சம் வேலை இருக்கிறது. ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் பேறுகால மரண விகிதத்தை அளக்கும் 3.1.1 என்ற ஒரே குறியீட்டை எடுத்துச் செய்து பார்ப்போம்.

படி 1: கணக்கைப் போடுங்கள்

```
(மரணங்கள் ÷ உயிருடன் பிறந்தவர்கள்) × 100000
```

கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் முடிந்த 42 நாளுக்குள்ளோ, அதோடு தொடர்புள்ள காரணத்தால் தாய் இறந்தால்தான் கணக்கில் சேரும். சாலை விபத்து சேராது. 2021-இல் மலேசியாவில் சுமார் 4,40,000 பிறப்புகள், சுமார் 300 மரணங்கள். விகிதம் 68 வரும்.

முந்தைய ஆண்டுகளில் இது 20-களில்தான் இருந்தது. கர்ப்பிணிகளைத் தாக்கிய கோவிட்தான் 2021-இல் அதை ஏற்றிவிட்டது. 2030-க்கான இலக்கு 70-க்குக் கீழ் என்பதால் 'அப்போதும் தப்பித்தோம்' என்று எழுதிவிடாதீர்கள். அந்த 70 உலகச் சராசரிக்கு வைத்தது, தனி நாட்டுக்கு அல்ல.

படி 2: எண் எப்படி வந்தது என்று பாருங்கள்

ஐ.நா. தரவுத்தளத்தில் `SH_STA_MORT` தொடரை இறக்கினால் `Nature` என்று ஒரு பத்தி இருக்கும். அது நாடு தந்த எண்ணா, மதிப்பீடா என்பதை அது சொல்லும். பலர் இதைத்தான் முதலில் அழித்துவிடுகிறார்கள்!

மலேசியாவில் இறப்புப் பதிவோடு, 1991 முதல் ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனியாக விசாரிக்கும் முறையும் உண்டு. அது தொடங்கியபோது விகிதம் ஏறியது. தாய்மார்கள் அதிகமாக இறந்ததால் அல்ல, முன்பு வேறு காரணத்தில் எழுதப்பட்ட மரணங்கள் அகப்பட்டதால்தான். நன்றாகத் தேடும் நாடு மோசமாகத் தெரியும். தேடாத நாடு நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும்.

இந்தியா, தேர்ந்தெடுத்த சில பகுதிகளின் பிறப்பு இறப்புகளைப் பதிந்து அதிலிருந்து நாட்டுக்குக் கணக்கிடும் மாதிரிப் பதிவு முறையைப் பயன்படுத்துகிறது. 2018-20-க்கு அது சொன்னது 97. ஐ.நா. புள்ளியியல் முறையில் மதிப்பிட்டு 2020-க்குச் சொன்னது 103. பதிவு பலவீனமான நாடுகளில் வீடு வீடாகப் போய், 'உங்கள் உடன்பிறந்த சகோதரிகளில் யாராவது கர்ப்பத்தின்போதோ பேறுகாலத்திலோ இறந்தார்களா?' என்று கேட்கிறார்கள். பதில் பல ஆண்டுகளுக்கு முந்தையதாக இருக்கும், காரணமும் சரியாகத் தெரியாது.

படி 3: வரம்பையும் வரையுங்கள்

மதிப்பிட்ட எண் உண்மையில் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று காட்டும் `LowerBound`, `UpperBound` பத்திகளையும் படத்தில் சேருங்கள். 2023-இல் வெளியான ஐ.நா. கணக்கில் 2020-க்கு நைஜீரியாவின் மதிப்பீடு 1047 என்றாலும் வரம்பு ஏறக்குறைய 800 முதல் 1,550 வரை விரிந்தது. இரு நாட்டின் வரம்புகள் ஒன்றோடொன்று பெரிதும் மேற்பொருந்தினால், தரவரிசை எழுத வேண்டாம்.

மாநிலத்துக்கு இறங்கினால் வேறு சிக்கல். 20,000 பிறப்புகள் உள்ள மாநிலத்தில் 4 மரணம் என்றால் விகிதம் 20. மறு ஆண்டு ஒரு மரணம் கூடினாலே 25. அதனால் ஐந்தாண்டு மரணங்களைக் கூட்டி, அதே ஐந்தாண்டுப் பிறப்புகளால் வகுத்துப் போடுங்கள்.