சுவீடிஷ்: சந்தேகம் வந்தால் ‘என்’ போட்டுவிடாதீர்கள்

நூலகத்து மொழிக் கஃபேயில் புதிதாகச் சுவீடிஷ் படிப்பவர்களோடு உட்காரும்போதெல்லாம் ஒரே ஆலோசனை காதில் விழுகிறது. ஒரு பெயர்ச்சொல் ‘என்’ வகையா, ‘எத்’ வகையா என்று தெரியாவிட்டால் ‘என்’ என்றே போட்டுவிடு, நான்கில் மூன்று தடவை சரியாக இருக்கும் என்பார்கள். கணக்கு ஏறக்குறைய சரிதான். சுவீடிஷ் பெயர்ச்சொற்களில் பெரும்பகுதி ‘என்’ வகை. ஆனாலும் எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டும் ஆலோசனை இதுதான். (நம்முடைய ‘என் வீடு’ என்பதில் வரும் ‘என்’ வேறு. மேற்கோள் குறிக்குள் இருப்பது சுவீடிஷ் சொல்.)

‘என்’, ‘எத்’ இரண்டும் ‘ஒரு’ என்ற பொருளில் சொல்லுக்கு முன்னால் வருபவை என்பதைப் பாடப்புத்தகம் முதல் வாரமே சொல்லிவிடும். அதை இங்கே விடுகிறேன். ‘அந்த’ என்று குறிப்பிட்டுச் சொல்ல அவையே சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும் இடத்தில்தான் சிக்கல். கார் என்பது பீல், அந்தக் கார் என்றால் பீலென். வீடு என்பது ஹூஸ், அந்த வீடு என்றால் ஹூஸெத்.

ஒருமை என்று நினைத்துப் பன்மை எழுதுவது

கஃபேக்கு வரும் ஒரு தம்பிக்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் ஒரே மழலையர் பள்ளியில். ஒரு நாள் காலையில் மகளுக்குக் காய்ச்சல். பள்ளிக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பினார்:

```
Hej! Barnen är sjuk i dag.
Hennes jackan är kvar i stora skåpen.
```

‘குழந்தைக்கு இன்று உடம்பு சரியில்லை. அவளுடைய ஜாக்கெட் பெரிய அலமாரியிலேயே இருக்கிறது’ என்பதுதான் அவர் சொல்ல வந்தது. மகளை மனைவியிடம் விட்டுவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு சற்றுத் தாமதமாகப் பள்ளிக்குப் போனார். மகனின் குழு அதற்குள் காட்டுக்கு நடைபோகக் கிளம்பியிருந்தது. இருவரும் வரமாட்டார்கள் என்று ஆசிரியை குறித்து வைத்திருந்தார். “அக்கா, நான் ஒரு பிள்ளைன்னுதானே எழுதினேன்?” என்று போனை நீட்டினார். இல்லை. அவர் எழுதியது ‘பிள்ளைகள்’.

குழந்தை என்பதற்கான பார்ன் ‘எத்’ வகைச் சொல். அந்தக் குழந்தை என்றால் பார்னெத். மெய்யெழுத்தில் முடியும் ‘எத்’ வகைச் சொற்களுக்குப் பொதுவாகப் பன்மை விகுதி கிடையாது. ஒரு குழந்தையும் பார்ன்தான், பத்துக் குழந்தைகளும் பார்ன்தான். ‘அந்தக் குழந்தைகள்’ என்று சொல்ல வரும்போது மட்டும் வாலில் ‘என்’ ஒட்டும்: பார்னென். அதாவது தெரியாமல் ‘என்’ போட்டால் வருவது பிழையான ஒருமை இல்லை, பிழையே இல்லாத பன்மை. படிப்பவருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

எதிர்த்திசையில் தவறினால் இந்த ஆபத்து இல்லை. பீலென் என்பதற்குப் பதில் பீலெத் என்று எழுதினால், அப்படி ஒரு சொல்லே இல்லாததால் எதிராளி புன்னகையோடு புரிந்துகொள்வார். ‘எத்’ பார்ன் என்பதற்குப் பதில் ‘என்’ பார்ன் என்று முன்னால் மாற்றிப் போட்டாலும் இதே கதைதான். வாலில் ‘என்’ தவறாக ஒட்டும்போது மட்டும்தான் பொருள் மாறுகிறது. அந்த ஆலோசனை உங்களைத் தள்ளுவது சரியாக அந்தப் பக்கம்தான்.

எண்ணிக்கையில் குறைவு என்றாலும் ‘எத்’ வகையில் அன்றாடச் சொற்கள் ஏராளம். அறை, வீடு, வேலை, ரயில், கடிதம், ஆண்டு, மேசை எல்லாம் இந்தப் பொறியில் உள்ளவை. வாடகைக்கு ஓர் அறை பார்த்துவிட்டு, ரும்மெத் என்பதற்குப் பதில் ரும்மென் வேண்டும் என்று எழுதினால், எல்லா அறைகளையும் கேட்கிறீர்கள். உயிரெழுத்தில் முடிபவையும் விலக்கில்லை. அந்த ஆப்பிள் என்பது எப்லெத். எப்லென் என்றால் ஆப்பிள்கள்.

காதால் கேட்டுப் பழகிவிடலாம் என்று இருந்துவிடாதீர்கள். பேச்சில் பலர் கடைசி ‘த்’தை விழுங்கிவிடுவார்கள், ஹூஸெத் என்பது ஹூஸெ என்றே கேட்கும். எழுதிப் பழகினால்தான் வால் நினைவில் நிற்கும். ‘எத் பார்ன்’ என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதாமல் பார்ன், பார்னெத், பார்ன், பார்னென் என்று நான்கையும் ஒரே வரியில் எழுதுங்கள். svenska.se தளத்தில் சொல்லைத் தேடினால், சுவீடிஷ் அகாதெமியின் சொற்பட்டியலில் இந்த வடிவங்கள் கிடைக்கும். பார்னுக்கு மட்டும் நமக்கு ஒரு குறுக்குவழி உண்டு: தமிழிலும் குழந்தை ‘அழுதது’ என்றுதானே சொல்கிறோம்.

பெயரடையை மாற்றாமல் விடுவது

அந்தச் செய்தியில் இன்னொரு வாய்ப்பும் கைநழுவியது. உடம்பு சரியில்லை என்பதற்கான ஷூக், ‘எத்’ வகை ஒருமைக்கு ஷூக்த் ஆகும், பன்மைக்கு ஷூகா ஆகும். அவர் ஷூக் என்றே விட்டுவிட்டார். இது பார்னெத், பார்னென் இரண்டோடும் சேராது. ஆசிரியை என்ன செய்வார்? மொழி பழகுகிறவர் கடைசி எழுத்தை விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டார். ஷூக்த் என்றிருந்தால் எங்கோ இடிக்கிறது என்று திருப்பிக் கேட்டிருப்பார். பெயரடை விகுதியை அலங்காரம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். எண்ணிக்கையைச் சுவீடிஷ் இரண்டு இடத்தில் சொல்கிறது. ஒன்று தவறினால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

பெரிய அலமாரி

அடுத்த வரியிலும் அதே கதை. அலமாரி, அதாவது ஸ்கோப், ‘எத்’ வகை. அந்த அலமாரி ஸ்கோபெத். ஸ்கோபென் என்றதும் அலமாரிகள் ஆகிவிட்டன. நடுவில் ‘பெரிய’ வரும்போது வால் மட்டும் போதாது, முன்னாலும் ஒரு சொல் வேண்டும். ‘எத்’ வகை ஒருமைக்கு det, ‘என்’ வகை ஒருமைக்கு den, பன்மைக்கு de. இதை விடுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்டாக்ஹோமின் பழைய நகரம் Gamla stan, அமெரிக்க அதிபரின் மாளிகை Vita huset என்று முன்சொல் இல்லாமலே எங்கும் கண்ணில் படுகிறது. அவை நிலைபெற்ற பெயர்கள். உங்கள் பள்ளியின் அலமாரிக்கு அந்தச் சலுகை கிடையாது.

‘அவளுடைய’ வந்தால்

வாலை வெட்டுங்கள். யக்கான் இல்லை, யக்கா. உடைமைச் சொல்லே ‘எந்த’ ஜாக்கெட் என்று சொல்லிவிட்டது.

திருத்திய செய்தி:

```
Hej! Barnet är sjukt i dag.
Hennes jacka är kvar i det stora skåpet.
```

இலக்கணம் சரி. ஆனால் சுவீடன்காரப் பெற்றோர் யாரும் முதல் வரியை இப்படி எழுதமாட்டார்கள். பிள்ளையின் பெயரைப் போட்டு, är sjuk i dag என்று முடித்துவிடுவார்கள். பெயர் வந்ததும் பார்னும் வேண்டாம், வாலும் வேண்டாம், ஷூக்த் என்ற தொல்லையும் இல்லை. இரண்டு பிள்ளைகள் ஒரே பள்ளியில் இருந்தால் பெயரைவிடத் தெளிவானது எதுவும் கிடையாது. தம்பி இப்போது அப்படித்தான் எழுதுகிறார்.

‘நான் ஆசிரியர்’

தொழிலுக்கு முன்னால் ‘என்’ வேண்டாம்.

கூட்டுச் சொற்கள்

கடைசிச் சொல் எந்த வகையோ, முழுச் சொல்லும் அந்த வகை. பார்ன் ‘எத்’ வகை, ஆனால் வண்டி ‘என்’ வகை என்பதால் குழந்தைகளைத் தள்ளிச் செல்லும் வண்டியும் ‘என்’ வகைதான். படுக்கையறை, குளியலறை, வரவேற்பறை மூன்றும் ரும் என்றே முடிவதால் மூன்றும் ‘எத்’. ஒன்றை மனப்பாடம் செய்தால் மூன்று இலவசம்.