செவலைப் பூனை எங்கே? இடச்சொல் பழக ஒரு குட்டிக் கதை

மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்லும்போது ஒரு துணிப் பூனையை ஒளித்துவைத்து, ஒவ்வொரு இடத்திலும் குழந்தையோடு சேர்ந்து தேடுங்கள். பூனையை முன்பே பீரோவுக்குப் பின்னால் வால் தெரிய ஒளித்துவிட வேண்டும்.

"கிருஷ்ணகிரியில் ஒரு வீடு. அங்கே செவலைப் பூனை ஒளிந்துகொண்டது. பாப்பா தேடினாள். மாங்காய்க் கூடைக்கு உள்ளே? இல்லை. ராகி மூட்டைக்கு மேலே? இல்லை. கட்டிலுக்கு அடியிலே? இல்லை. பீரோவுக்குப் பின்னாலே... வால் தெரியுது! மியாவ்!"

இந்த வரிசையை மாற்ற வேண்டாம். உள்ளே, மேலே, அடியிலே மூன்றும் சீக்கிரம் பிடிபடும். பின்னாலே தாமதமாகத்தான் வரும். அதற்கு முகப்புள்ள பொருள் வேண்டும். பீரோவுக்குக் கதவுள்ள பக்கம் எப்போதும் முன்பக்கம். குடத்துக்கு அப்படி இல்லை. நாம் நிற்கும் இடம் மாறினால் பின்பக்கமும் மாறும், குழந்தை குழம்பிவிடும்.

'கட்டிலுக்குக் கீழே' என்பதைவிட 'அடியிலே' தெளிவு. வெறும் 'கீழே' என்றால் தரை என்றும் பொருள்படுமே.

குழந்தை கையை மட்டும் நீட்டினால், "கூடைக்கு உள்ளேயா, பக்கத்திலேயா?" என்று கேளுங்கள். சொல் அதன் வாயிலிருந்தே வரும்.