யாருக்கு முதல் போன்?
மேடவாக்கத்தில் ஃபிளாட் விற்கிறீர்கள், வாட்ஸ்அப்பில் விசாரணைகள் குவிந்து கிடக்கின்றன. வந்த வரிசையில் கூப்பிடாமல், ஒவ்வொருவரும் எழுதியதைப் பார்த்து மார்க் போடுங்கள். "விலை என்ன?" என்று மட்டும் கேட்டவருக்கு 1. "ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாமா, பேங்க் லோன் கிடைக்குமா?" என்றவருக்கு 5, ஏனென்றால் நாளும் பணமும் அவர் பேச்சிலேயே வந்துவிட்டன. பிளான் அனுப்பியதும் வாசல் கிழக்குப் பார்த்ததா என்று திருப்பிக் கேட்டால் இன்னும் 3. அவருக்குத்தான் முதல் போன். "பார்த்துட்டு சொல்றேன்" என்பதற்கு எதுவும் கூட்ட வேண்டாம். நீல டிக்கையும் கணக்கில் எடுக்காதீர்கள், பலர் அதை அணைத்து வைத்திருப்பார்கள். அப்புறம், பதில் வராத ஒவ்வொரு வாரத்துக்கும் 2 கழியுங்கள். இல்லையென்றால் போன மாதம் 8 வாங்கியவர், வேறு இடத்தில் அட்வான்ஸ் கொடுத்த பிறகும் பட்டியலில் முதலிலேயே நிற்பார்.