குழம்பில் பல்லி கிடந்தால் செய்யக்கூடாத தவறுகள்

சாம்பாரில் பல்லி கிடந்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது 'விஷம்' என்பதுதான். வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு விஷம் கிடையாது. அதன் குடலிலும் எச்சத்திலும் இருக்கக்கூடிய சால்மோனெல்லா என்ற பாக்டீரியாதான் பிரச்சினை. தவறுகள் பலவும் இந்த வித்தியாசம் தெரியாமல் செய்பவை.

பல்லியை எடுத்துப் போட்டுவிட்டு, குழம்பை மறுபடி கொதிக்கவைத்துப் பரிமாறுவது முதல் தவறு. நன்றாகக் கொதித்தால் சால்மோனெல்லா செத்துவிடும், உண்மைதான். ஆனால் பல்லி எப்போது விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? காலை 8 மணிக்கு இறக்கிய சாம்பார் மூடாமல் இருக்கிறது, பகல் 1 மணிக்குப் பல்லி கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெதுவெதுப்பாக நின்ற அந்த 5 மணி நேரத்தில் பல்வேறு கிருமிகள் பெருகியிருக்கலாம். அவற்றில் சில உண்டாக்கும் நச்சு கொதித்தாலும் அழியாது. அதனால் அளவு எவ்வளவு இருந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான். நாய்க்கோ மாட்டுக்கோ வைக்க வேண்டாம்.

எறும்பு, அரிசி வண்டு கதை வேறு. அடுப்பில் கொதிக்கும்போது ஒன்றிரண்டு விழுந்தால் எடுத்துவிட்டுச் சாப்பிடலாம், அருவருப்புதான் மிச்சம். கரப்பான் பூச்சியும் ஈயும் சாக்கடை, கழிவு என்று உட்கார்ந்து வருபவை. அவை விழுந்த குழம்பைக் கொட்டுங்கள்.

பலர் கோட்டைவிடுவது கரண்டியில். சாம்பார்க் கரண்டி ரசத்திலோ சோற்றிலோ பட்டிருந்தால் அதையும் ஒதுக்க வேண்டும். பாத்திரம், மூடி, கரண்டி மூன்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, பிறகு கொதிக்கும் நீரில் சில நிமிடம் போட்டு எடுத்தால் போதும். பாத்திரத்தைத் தூக்கிப் போடத் தேவையில்லை.

ஏற்கெனவே சாப்பிட்டவரை உப்புத் தண்ணீர் குடிக்கவைத்தோ, தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்கவைப்பது மிகவும் ஆபத்து. உப்பு அதிகமானால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, உயிருக்கே கேடாகும். பல்லியைப் பார்த்த பத்தே நிமிடத்தில் வரும் குமட்டல் பெரும்பாலும் அருவருப்பால் வருவது. சால்மோனெல்லா தொற்று பொதுவாக 6 மணி நேரம் கழித்துத்தான் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்காகத் தெரியும். சில நாள் தள்ளியும் வரலாம். ஆகவே முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை என்று கவனிக்காமல் விட்டுவிடுவதும் தவறுதான்.

வயிற்றுப்போக்கு தொடங்கினால் ஓஆர்எஸ் கொடுங்கள். கிடைக்காவிட்டால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலக்குங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது, நிற்காத வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் அறிகுறி தொடங்கியதுமே போய்விடுவது நல்லது.

பலர் சாப்பிட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடாமல், ஒரு கிண்ணம் குழம்பை இறுக மூடி, 'சாப்பிடக்கூடாது' என்று எழுதி ஒட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் பரிசோதனைக்கு அது வேண்டியிருக்கும்.