‘ஒருவேளை’ என்பது ‘கட்டாயம்’ ஆனால்

வேற்றுமொழி நிறுவனத்துக்கு மொழிபெயர்த்து மின்னஞ்சல் அனுப்புகிறீர்களா? முக்கியமான வாக்கியத்தின் மூலத்தையும் கீழே ஒட்டிவிடுங்கள். ஏன் என்பதற்கு ஒரு குட்டிக் கதை.

ஜெர்மனியில் மரப்பெட்டி வாங்கும் ஒரு சிறு நிறுவனம். இங்கிலாந்தில் அதைச் செய்து தரும் ஒரு பட்டறை. 300 பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்த வாங்குபவர், இன்னும் 200 தேவைப்படலாம் என்றும் எழுத நினைத்தார். ஜெர்மன் மொழியின் ‘எவென்டுவெல்’, ஆங்கிலத்தில் ‘ஈவென்சுவலி’ ஆகிவிட்டது. ஒலி ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் முன்னதற்கு ‘ஒருவேளை’ என்று பொருள். பின்னதற்கு ‘கடைசியில் எப்படியும்’. பட்டறைக்காரர் கூடுதல் மரத்தை அறுக்கத் தொடங்கி, பில்லையும் அனுப்பிவிட்டார்.

“கேட்காத சரக்குக்குப் பில்லா?” என்று ஒரு கடிதம். “எழுதிக் கொடுத்துவிட்டு மறுக்கிறீர்களா?” என்று பதில். மின்னஞ்சல் நகல் போகும் பெயர்கள் பெருகின. (சண்டை முற்றுகிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.)

பட்டறையின் கணக்கர்தான் புத்திசாலி. பதிலுக்குப் பதில் எழுதாமல், “அந்த வரியை ஜெர்மனிலேயே அனுப்புங்கள்” என்று கேட்டார். அகராதியைப் புரட்டியதும் குட்டு வெளிப்பட்டது. உடனே தொலைபேசியில் பேசினார்கள். அறுத்து முடித்திருந்த 80 பெட்டிகளுக்கான மரத்தின் விலையைப் பாதிப்பாதியாக ஏற்றுக்கொண்டார்கள். மீதி மரம் அறுபடாமல் தப்பியது. பழைய பில்லை ரத்து செய்து, பேசி முடித்ததை எழுத்திலும் உறுதிசெய்தார்கள்.

இப்போது அவர்களுடைய ஆர்டர் கடிதங்களில் இரண்டு தனி வரிகள் இருக்கின்றன: ‘உறுதி: 300’, ‘பிறகு முடிவு: 200’.